உயிர்ப்புக் காலைக்கு ஒரு புதுப்பாட்டு

கேள்வி: உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலியில் பாட எங்கள் பாடகர் குழுவுக்காகப் புதுப்பாட்டு ஒன்று எழுதுகிறேன். எழுத எழுத, புனித வெள்ளிப் பாட்டு மாதிரியே ஆகிவிடுகிறது. மெட்டில் உட்காரவும் மறுக்கிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் சொற்களைப் பாருங்கள். சிலுவை, இரத்தம், கண்ணீர், பாவம் ஆகியவை பல்லவியில் இருந்தால் எந்த ராகமும் அதைத் தூக்கி நிறுத்தாது. துயரத்துக்குச் சரணத்தில் ஒரு வரி போதும். பல்லவி நடந்து முடிந்த செய்தியைச் சொல்லட்டும்:

கல்லறை வாசல் திறந்ததுவே
சொல்லிய வண்ணம் எழுந்தனரே
அல்லேலூயா அல்லேலூயா

தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த சொல் அல்லேலூயா. அதனால் அதை முதல் வரியிலேயே செலவழிக்காமல் செய்தி வந்த பிறகு வையுங்கள். கல்ல, சொல்லி, அல்லே என்று எதுகையும் தானாக அமைகிறது.

இனி தாளம். முதல் இரண்டு வரிகளுக்கும் தலா நான்கு தட்டு. சேர்ந்தால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். கல்லறை, வாசல், திறந்த, துவே என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு விழும். மூன்றாம் வரியில் ஒரு தட்டுக்கு ஓர் அசையாக அல்-லே-லூ-யா என்று விரித்தால் அதுவே இன்னோர் ஆவர்த்தனம். அந்த அகலம்தான் மகிழ்ச்சியைக் காட்டும்.

மெட்டில் உட்காராததற்குப் பெரும்பாலும் காரணம் குறில்தான். நீண்ட சுரத்தில் குறிலை வைத்தால் பாடுபவர்கள் அதை நெடிலாக்கிவிடுவார்கள். ‘கல்’ ‘கால்’ ஆகும். ‘உயிர்’ ‘ஊயிர்’ ஆகும். ‘உயிர்த்தார்’ என்றால் ‘உயிர்’ வேகமாகக் கடந்து, ‘தார்’ நீள வேண்டும். ‘கல்லறை’யில் நீட்ட வேண்டியிருந்தால் ககரத்தில் அல்ல, லகர ஒற்றில் நிறுத்தச் சொல்லுங்கள். மெட்டில்லாமல் கைதட்டி வரியை வாசித்துப் பாருங்கள். பேச்சில் நீளாத எழுத்து எங்கே இழுபடுகிறதோ அங்கே சொல்லை மாற்றுங்கள், மெட்டை அல்ல.

ராகத்துக்கு மோகனம் பாதுகாப்பானது. ஐந்தே சுரம், சபை உடனே பிடித்துக்கொள்ளும். குழு தேர்ந்ததென்றால் பிலகரி இன்னும் பொருத்தம். அது காலை ராகம், ஏறும்போது மோகனம் போல ஏறி, ஏழு சுரத்தோடு இறங்கும். விடிகாலைக் குரல் இறுகியிருக்கும் என்பதால் மேல் ஷட்ஜத்தை அல்லேலூயாவில் மட்டும் தொடுங்கள். சரணங்கள் கீழிருந்தே தொடங்கட்டும்.

சரணம் மூன்று போதும், ஒவ்வொன்றிலும் ஒரே காட்சி. கல்லை யார் புரட்டுவார் என்று பெண்கள் கேட்டது (மாற்கு 16:3), தோட்டக்காரர் என்று நினைத்தவர் “மரியா” என்று அழைத்தது (யோவான் 20:15-16), சீடர் இருவர் ஓடியது (யோவான் 20:4). எம்மாவு வழி அழகான காட்சிதான், ஆனால் அது மாலை நேரத்தது. வேறு பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.