வருஷ ஆர்டருக்குப் பள்ளி முதல்வரை அழைக்கும் கடிதம்

கேள்வி: பள்ளிப் பொருள் கடை நடத்துகிறேன். ஒரு பள்ளி முதல்வரை வருஷ மொத்த ஆர்டர் பற்றிப் பேச அழைத்துக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதினால் வருவார்?

விலையை எழுதாதீர்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். இதைச் சொன்னவுடன், "விலை இல்லாத கடிதத்தை யார் படிப்பார்கள்?" என்று கடைக்காரர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பள்ளி ஸ்டோர் பக்கம் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் பிரிப்பவர்களுக்குத் தெரியும்: விலைப்பட்டியலோடு வரும் கடிதம் அப்படியே அடுத்த கடைக்குப் போகும். அவர் தாள் கனத்தைக் குறைத்து, உங்களைவிடக் கொஞ்சம் கீழே ஒரு விலை போடுவார். இரண்டு காகிதத்திலும் "160 பக்க நோட்டு" என்றுதான் இருக்கும். நீங்கள் வாய் திறக்கும் முன்பே ஆர்டர் முடிந்திருக்கும்.

முதல்வருக்குத் தலைவலி விலை மட்டும் இல்லை. பள்ளி திறந்த வாரத்தில் ஏதோ ஒரு வகுப்புக்குக் கணக்கு நோட்டு பத்தாமல் போவதும், வேறொன்று அறை நிறைய மிஞ்சிக் கிடப்பதும்தான். அதனால் ஒரே ஒரு வகுப்பை எடுத்து, கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பள்ளிப் பெற்றோர் ஒவ்வொரு வருஷமும் நோட்டுப் பட்டியலோடு உங்கள் கடைக்குத்தானே வருகிறார்கள்? அதுவே போதும்.

ஆறாம் வகுப்பு, இரண்டு பிரிவு, பிரிவுக்கு 40 பேர், ஆக 80 பேர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஒன்பது நோட்டு: மொழிப் பாடங்கள் இரண்டுக்கும் சேர்த்து கோடு போட்டது நான்கு, கணக்குக்குக் கோடு போடாதது இரண்டு, அறிவியலுக்கு இரண்டு, சமூக அறிவியலுக்கு ஒன்று. 80 பேருக்கு 720. புதிதாகச் சேர்பவர்களுக்கும் தொலைப்பவர்களுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 756, அதாவது 63 டஜன். அந்த 5 சதவீதத்தை மொத்தத்தில் சேர்த்து ஏதோ ஒரு வகையில் கொட்டிவிடக் கூடாது. வகைவாரியாகப் பிரித்தால் மொழிக்கு 28 டஜன், கணக்குக்கு 14, அறிவியலுக்கு 14, சமூக அறிவியலுக்கு 7. பிரிக்காமல் விட்டால்தான் மொத்தம் சரியாக இருந்தும் கணக்கு நோட்டு மட்டும் பத்தாமல் போகிறது.

மாணவர் எண்ணிக்கை துல்லியமாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள். "எங்களிடம் 80 இல்லை, 86" என்று திருத்தவாவது அலுவலகத்திலிருந்து போன் வரும். வந்தால் உங்களுக்கு லாபம்தானே.

கடிதம் ஒரே பக்கம். இப்படிப் போகலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: வரும் கல்வியாண்டுக்கான நோட்டு, எழுதுபொருள் மொத்தத் தேவை பற்றிப் பேச அழைப்பு.

தங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குச் சுமார் 80 மாணவர் என்ற கணக்கில், பாடவாரியான நோட்டுத் தேவையை ஒரு தாளில் எழுதி இணைத்துள்ளேன். மற்ற வகுப்புகளுக்கும் இதேபோல் தயாரிக்க, சென்ற ஆண்டு மிஞ்சியதும் குறைந்ததும் தெரிந்தால் உதவியாக இருக்கும். மாதிரி நோட்டு இரண்டு இத்துடன் உள்ளன. தாள் கனம், உள்தாள் எண்ணிக்கை இரண்டும் அட்டையின் உட்புறம் எழுதப்பட்டுள்ளன.

தாங்களும் ஸ்டோர் பொறுப்பாளரும் வரும் புதன் மாலை 4 மணிக்கோ, சனி காலை 11 மணிக்கோ எங்கள் கடைக்கு வந்தால், இருப்பை நேரில் பார்த்துப் பேசலாம். வர இயலாவிட்டால் நானே மாதிரிகளோடு பள்ளிக்கு வருகிறேன். விலை, பணம் செலுத்தும் தவணை, மிஞ்சிய சரக்கைத் திரும்ப எடுப்பது ஆகியவற்றை நேரில் முடிவு செய்யலாம்.

இப்படிக்கு..."

"தங்கள் கல்விப் பணி சிறக்க" என்று அரைப் பக்கம் வாழ்த்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். வாழ்த்து முடிந்து விஷயம் வருவதற்குள் கடிதம் கோப்புக்குள் போய்விடும். ஸ்டோர் பொறுப்பாளரைச் சேர்த்து அழைப்பதும் மரியாதைக்காக இல்லை. எது மிஞ்சியது என்று அவருக்குத்தான் தெரியும். ஆர்டருக்குக் கையெழுத்துப் போடுவது நிர்வாகக் குழுவா முதல்வரா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மாதிரி நோட்டில் தாள் கனத்தை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 24 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் உள்ள 160 பக்க நோட்டில் 80 தாள். மொத்தப் பரப்பு 3.456 சதுர மீட்டர். 60 ஜிஎஸ்எம் என்றால் உள்தாள் மட்டும் சுமார் 207 கிராம் இருக்க வேண்டும். 50 என்றால் 173 தான். அட்டையைக் கழற்றித் தராசில் வைத்தால் யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மெல்லிய தாளில் ஜெல் பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியும், பிள்ளை ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதும், நோட்டு பாதி வருஷத்தில் தீரும். பக்கக் கணக்கிலும் ஒரு வேலை நடக்கிறது. சில தயாரிப்பில் அட்டையின் நான்கு பக்கத்தையும் சேர்த்துத்தான் 160. எழுதக் கிடைப்பது 156. அதனால்தான் பக்கம் என்று விடாமல் உள்தாள் எண்ணிக்கையை எழுதச் சொல்கிறேன்.

திரும்ப எடுப்பதை வாக்குக் கொடுக்கும்போது கவனம். சாதாரண அட்டை நோட்டை எடுத்து வேறு யாருக்காவது விற்கலாம். பள்ளிச் சின்னம் அச்சடித்ததை விற்க முடியாது. அதனால் பேச்சு வரும்போது, உறுதியான 720-ஐச் சின்னத்தோடும் உபரி 36-ஐச் சாதாரண அட்டையிலும் தருவதாகச் சொல்லுங்கள். நஷ்டம் யார் தலையிலும் விழாது.

இதற்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பாடத்துக்கும் ஒரே பக்க எண்ணிக்கை என்று பள்ளிகள் பட்டியல் போடுகின்றனவே, அதை யார் ஆரம்பித்தார்களோ! வாரம் இரண்டு பீரியட் உள்ள பாடத்துக்கும் 160 பக்கம். வருஷக் கடைசியில் முக்கால்வாசி வெள்ளையாகவே எடைக்குப் போகிறது. கடைக்காரர் இதைச் சொன்னால் வியாபாரம் குறையும் என்று பயப்படுகிறார், ஆசிரியர் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நீங்கள் அந்தத் தேவைத் தாளில் அப்படிப்பட்ட பாடத்துக்கு 80 பக்கம் என்று போட்டுப் பாருங்கள், முதல்வர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

எப்போது அனுப்புவது? பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சரக்கைப் பிரித்து வகுப்புவாரியாகக் கட்ட இரண்டு வாரம், அச்சும் பைண்டிங்கும் ஐந்தாறு வாரம், அட்டை மாதிரியைப் பள்ளி பார்த்து ஒப்புதல் தர இரண்டு வாரம். பேச்சுக்கும் நிர்வாக ஒப்புதலுக்கும் இன்னும் கொஞ்சம். மூன்று மாதத்துக்குக் குறைந்தால் சின்னம் அச்சடித்த நோட்டைப் பற்றிக் கடிதத்தில் வாயே திறக்காதீர்கள்.

கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் முதல்வருக்குப் போன் செய்யாமல் அலுவலகத்துக்குச் செய்யுங்கள். "மாதிரி நோட்டு யார் கையில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். முடிவெடுக்கப் போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.