குரங்கு செத்த காட்டோரம் போகலாமா?

கேள்வி: டொக்டர், பெப்ரவரியில் நீலகிரி கூடலூரில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம். வீட்டுக்குப் பின்னால் காடு. அங்கே இரண்டு மூன்று குரங்குகள் செத்துக் கிடந்ததாம், குரங்குக் காய்ச்சலோ என்று பயப்படுகிறார்கள். குரங்கைத் தொடாமல் இருந்தால் போதுமா?
– வாசகி, கந்தளாய்

பதில்: போதாது. இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவது காட்டு உண்ணி. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்தாகச் செத்தபோதுதான் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது.

மழைக்காலம் முடிய உண்ணியின் முட்டைகள் பொரித்து, ஆறு கால் குஞ்சுகள் வெளிவரும். அவை எலி, அணில், குரங்கு என்று கிடைத்ததில் இரத்தம் குடிக்கும். அப்போது வைரஸ் ஏறினால், தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியானாலும் அது உள்ளேயே இருக்கும். மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இளம் உண்ணிதான். கடுகளவுகூட இராது, கடித்ததே தெரியாது. ஜனவரி முதல் மே வரை இவை மிகுதி. நீங்கள் போவது அதற்குள்தான். வளர்ந்த உண்ணி மாடு போன்ற பெரிய விலங்குகளைத் தேடிப் போகும்.

குரங்குக்கு இந்நோய் கடுமையாக வரும். செத்த உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதை விட்டிறங்கி, சுற்றியுள்ள சருகில் அடுத்த உடலுக்குக் காத்திருக்கும். ஆகவே உடலை அகற்றிய பின்னும் அந்த இடம் ஆபத்தானது. சித்தப்பாவிடம் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் உடனே சொல்லச் சொல்லுங்கள். உடல் அழுகினால் பரிசோதனைக்கு உதவாது. மின்கம்பியாலும் நஞ்சாலும் குரங்கு சாகும் என்பதால், பரிசோதனைதான் காரணத்தைச் சொல்லும். அதேபோல், செத்த குரங்கு கண்ணில் படவில்லை என்பதற்காகக் காட்டில் வைரஸ் இல்லை என்றும் ஆகாது.

அங்கே விறகுக்கோ மாட்டைத் தேடியோ காட்டுக்குள் போகாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால் முழுக்கை உடுப்பு, காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகி, பூச்சிவிரட்டி பூசிப் போங்கள். திரும்பியதும் குளித்து, உடுப்பை வெந்நீரில் துவைத்து, அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி இடங்களைப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம்.

கடித்து 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், நெற்றிவலி, கடும் தசைவலி, வாந்தி வரும். சிலருக்குச் சில நாளில் மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசியும். ஊர் திரும்பிய பின் அப்படி வந்தால், இங்கே முதலில் டெங்கு என்றே நினைப்பார்கள். எனவே காட்டோரம் தங்கியதையும் குரங்கு செத்ததையும் நீங்களாகவே சொல்லுங்கள். முதல் நாட்களில் பி.சி.ஆர். பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். வைரஸைக் கொல்லத் தனி மருந்தில்லை. நீரிழப்பையும் இரத்தக் கசிவையும் கவனிப்பதே சிகிச்சை. பனடோல் தவிர அஸ்பிரின், இபுப்ரோஃபென் எடுக்கக் கூடாது, கசிவு கூடும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் சுகமாக இருந்து, மீண்டும் காய்ச்சலோடு கடும் தலைவலி, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாம் சுற்றில் மூளை பாதிக்கப்படலாம். நோயாளியைப் பராமரிப்பவருக்கு இது தொற்றுவதில்லை.

நம் பக்கத்து உண்ணிக் காய்ச்சல் வேறு. அது பக்டீரியாவால் வருவது, டொக்சிசைக்கிளினுக்குக் கட்டுப்படும்.