ஜார்க்-பேரா 271: பீட்டாவுக்குப் பயமில்லை, டம்மிக்கு உண்டு

வணக்கம் சார். ஜனவரி 2024 முதல் 250 வர்த்தக நாட்களுக்கு ஒரு நிறுவனப் பங்கின் தினசரி வருமானத்தை நிஃப்டி வருமானத்தின் மீது ரெக்ரெஷன் செய்தேன். ஒரு காலாண்டின் முடிவு வெளியான ஒரே நாளுக்கு மட்டும் டம்மி வைத்தேன், அதன் t 3.3. ஆனால் ரெசிடுவலின் ஸ்க்யூனெஸ் 0.5, குர்டோசிஸ் 8, நார்மலா என்று பார்க்கும் ஜார்க்-பேரா சோதனையின் மதிப்பு 271. "நார்மல் இல்லை, எந்த முடிவும் செல்லாது" என்கிறார் என் வழிகாட்டி. லாக் எடுக்கவா, பெரிய ரெசிடுவல் உள்ள நாட்களை நீக்கிவிடவா?
— எஸ்., ஆய்வு மாணவி

அன்புள்ள எஸ்.,

இரண்டும் வேண்டாம். தினசரி வருமானத்தில் பாதி மைனஸில் இருக்கும், அதற்கு எப்படி லாக் எடுப்பீர்கள்? நாட்களை நீக்கினால் ரெசிடுவலின் திட்டவிலக்கம் குறையும், டம்மியின் t இன்னும் ஏறும், அதாவது சோதனையைத் திருப்திப்படுத்தப் போய் முடிவை ஊதிப் பெருக்கியிருப்பீர்கள்.

முதலில் அந்த 271 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சூத்திரம் இதுதான்:

```
JB = (n/6) * (S^2 + (K-3)^2/4)
```

உங்கள் எண்களைப் போட்டால் ஸ்க்யூனெஸ் தருவது சுமார் 10, மீதி 260-ம் குர்டோசிஸ் தருவது. ஆகவே உங்கள் ரெசிடுவல் பெரிதாக ஒரு பக்கம் சாயவில்லை, வால்தான் தடிமன். தினசரிப் பங்கு வருமானத்தில் இது எப்போதும் இருப்பதுதான். அப்புறம், முன்னால் நிற்கும் n-ஐயும் கவனியுங்கள். ஸ்க்யூனெஸ் 0.2, குர்டோசிஸ் 3.4 என்று அற்பமாக விலகிய ஒரு ரெசிடுவல், 100 தரவில் 1.3 என்று வந்து சோதனையில் தேறிவிடும் (5 சதவீத மட்டத்தில் எல்லை 5.99), அதே வடிவம் 5000 தரவில் 67 என்று வந்து தோற்கும். ஆனால் நார்மல் தேவைப்படுவது தரவு குறைவாக இருக்கும்போதுதான், நிறைய இருக்கும்போது அல்ல. அதனால்தான் இந்தச் சோதனையின் p-ஐ மட்டும் பார்த்து ரெக்ரெஷன் செல்லும், செல்லாது என்று தீர்ப்பு சொல்வதை நான் ஏற்பதில்லை.

நிஃப்டியின் கெழுவான பீட்டாவில் வரும் பிழை என்பது 250 நாட்களின் பிழைகளைச் சந்தை நகர்வால் எடைபோட்டுக் கூட்டிய ஒன்று. எந்த ஒரு நாளின் எடையும் ஓங்கி நிற்காதவரை மைய எல்லைத் தேற்றம் அதைப் பார்த்துக்கொள்ளும், ஒவ்வொரு பிழையும் நார்மலாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தரவில் நான் சரிபார்க்கும் நாள் ஒன்றுதான்: 4 ஜூன் 2024. தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. சந்தையின் தினசரித் திட்டவிலக்கம் 0.85 சதவீதம் என்று வைத்தால் அந்த ஒரு நாள் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் பலம், அதாவது லெவரேஜ், 0.2-ஐ ஒட்டி வரும், சராசரி நாளுக்கு அது 0.008. அந்த நாளை விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பீட்டா பெரிதாக நகரவில்லை என்றால் ரோபஸ்ட் ஸ்டாண்டர்டு எரரோடு அதை நிம்மதியாக எழுதலாம்.

டம்மி கதை வேறு. ஒரே நாளுக்கு வைத்த டம்மி அந்த நாளின் ரெசிடுவலை அப்படியே விழுங்கிவிடும், அங்கே ரெசிடுவல் சரியாகப் பூஜ்யம் என்று நீங்களே பார்க்கலாம். அதாவது அந்தக் கெழு ஒரே ஒரு பிழையைச் சுமந்து நிற்கிறது, கூட்டிச் சராசரியாக்க இரண்டாவது பிழை கிடையாது. 250 நாளை 25,000 ஆக்கினாலும் மைய எல்லைத் தேற்றம் இங்கே உதவிக்கு வராது. t 3.3 என்றால் p 0.001, மூன்று நட்சத்திரம் என்று மென்பொருள் போடுவது முழுக்க நார்மல் என்ற அனுமானத்தை நம்பித்தான்.

அது எவ்வளவு தவறு? குர்டோசிஸ் 8-க்குப் பக்கத்தில் வரும் ஒரு பரவல், 5 சுதந்திரக் கூறுகள் கொண்ட t. அதே திட்டவிலக்கத்துக்கு அளவிட்டுப் பார்த்தால் 5 சதவீத எல்லை 1.99, நார்மலின் 1.96-ஐ விட்டு அசையவே இல்லை. ஆனால் 1 சதவீத எல்லை 2.58-லிருந்து 3.1-க்குப் போய்விடும், உங்கள் 3.3-ன் உண்மையான p சுமார் 0.008 ஆகும். முடிவு பிழைக்கிறது, ஆனால் நீங்கள் காட்டியதைவிட எட்டு மடங்கு பலவீனமாக.

இதற்கு t பரவலையும் நம்ப வேண்டாம், உங்கள் ரெசிடுவல்களையே கேளுங்கள். மற்ற 249 நாட்களில் எத்தனை நாள் ரெசிடுவல், குறி எதுவானாலும், டம்மி கெழுவின் அளவைத் தொட்டது என்று எண்ணினால் போதும்:

```r
m <- lm(pangu ~ nifty + d, data = x)
e <- resid(m)[x$d == 0]
mean(abs(e) >= abs(coef(m)["d"]))
```

நார்மல் என்றால் அப்படி ஒரு நாள்கூட எதிர்பார்க்க முடியாது. இரண்டு நாள் வந்தால் p 0.008. ஆய்வேட்டில் t-க்குப் பக்கத்தில் இந்த எண்ணைப் போடுங்கள், வழிகாட்டியின் கேள்விக்கு நேரான பதில் அதுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்படி எண்ணுவது எல்லா நாளும் ஒரே அளவு கொந்தளிப்பானவை என்று எடுத்துக்கொள்கிறது. பங்குச் சந்தையில் பெரிய அசைவுகள் அடுத்தடுத்து வரும், தடித்த வாலில் கணிசமான பங்கு அதனால் வருவதுதான். காலாண்டு முடிவு வந்த வாரம் ஏற்கெனவே கொந்தளிப்பாக இருந்திருந்தால் அமைதியான மாதங்களோடு ஒப்பிட்டு எடுத்த p உங்களுக்குச் சாதகமாகச் சாயும். அப்போது முதலில் கொந்தளிப்பு நாளுக்கு நாள் மாறுவதைக் கணக்கிடும் ஒரு கார்ச் மாதிரியைப் பொருத்தி, ஒவ்வொரு ரெசிடுவலையும் அந்தந்த நாளின் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டு எண்ணுங்கள். நிகழ்வு நாளின் திட்டவிலக்கத்தை மட்டும் முந்தைய நாள் வரையிலான தரவிலிருந்து எடுக்க வேண்டும்.