கார்பமாசெபைனோட குளோபசாமும் ஏன்?

"அப்பா வலிப்புக்கு கார்பமாசெபைன் 200 காலையும் இரவும் போடுறவர். இப்ப குளோபசாம் 10 இரவுக்குச் சேர்த்திருக்கினம். நாள் முழுக்கத் தூங்கி வழியிறார். இரண்டும் ஒரே வேலைதானே, ஒன்றை நிப்பாட்டலாமா? (கிளிநொச்சி)"

நீங்களா நிப்பாட்டாதேங்கோ. இரண்டும் வேற வேற வேலை.

நரம்புக் கலம் துடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதில சோடியம் உள்ள வாற வாசல் திறந்து, பிறகு ஒரு கணம் பூட்டிக் கிடக்கும். கார்பமாசெபைன் அந்தப் பூட்டின நிலையைப் பிடிச்சு நீட்டும். அதால அடுக்கடுக்காத் துடிக்கிற கலம்தான் கூட அடங்கும். ஆறுதலா வேலைசெய்யிற கலத்துக்குப் பெரிசாப் படாது. குளோபசாம் காபா எண்ட அடக்கும் சமிக்ஞையைக் கூட்டும். குளோரைட் உள்ள போக, கலம் எழும்பவே பஞ்சிப்படும்.

காபா மூளை முழுக்க இருக்கிறதால, தூக்கம் பெரும்பாலும் குளோபசாமாலதான்.

ஒரு கிழமைக்கு குளிசை போட்ட நேரத்தையும் தூங்கின நேரத்தையும் கொப்பியில எழுதுங்கோ. குளிசை போட்டுச் சில மணித்தியாலத்தில இரட்டையாத் தெரிஞ்சா, தள்ளாடினா, கார்பமாசெபைனைச் சந்தேகிக்கலாம். கொப்பியைக் காட்டினா டொக்டர் அளவை மாத்துவார்.

குளோபசாமைத் திடீரெண்டு விட்டா வலிப்பு விடாமல் தொடரலாம். தோலில தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா, கிளினிக் திகதி பாராமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி. குளத்தில தனியக் குளிக்கவும் விடாதேங்கோ.