ஓ நதியே, கொஞ்சம் தள்ளி நில்

கேள்வி: கவிதைப் போட்டிகளுக்குத் தொடர்ந்து அனுப்புகிறேன். ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை. நூற்றுக்கணக்கில் கவிதைகள் வரும்போது முதல் வரியிலேயே நடுவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறார்கள். 'நதி' என்ற தலைப்புக்கு அனுப்பிய என் கவிதையை இணைத்திருக்கிறேன். "ஓ நதியே! அன்று நீ அன்னை... இன்று நீ அனாதை!" என்றுதானே தொடங்கியிருக்கிறேன்? இதைவிட வேகமாக எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மூன்று வரிக்குள் இரண்டு ஆச்சரியக்குறி, மூன்று புள்ளி, ஓர் 'ஓ'. நடுவரின் மேசையில் உங்கள் தாளுக்கு மேலே கிடந்ததும் இப்படித்தான் தொடங்கியிருக்கும், கீழே கிடந்ததும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். தலைப்பு 'நதி' என்று கொடுத்துவிட்டால் வருகிறவற்றில் பெரும்பகுதி 'நதியே' என்றுதான் ஆரம்பிக்கும். 'மழை' என்றால் 'மழையே', 'அம்மா' என்றால் 'அம்மா, உன்னைப் பற்றி எழுத வார்த்தைகள் இல்லை'. வார்த்தைகள் இல்லை என்றவர் அதற்குப் பிறகு இருபத்தைந்து வரி எழுதியிருப்பார். அது வேறு கதை.

முதல் சுற்றில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெயர், முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எண் மட்டும் போட்ட தாள்களை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டு படிப்பார்கள். வேண்டாம், பார்க்கலாம், வேண்டும் என்று மூன்று அடுக்கு. ஒரு கவிதைக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த நேரத்தில் நடுவர் அழகைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. மேலே படிக்க வேண்டுமா என்பதைத்தான் பார்க்கிறார். 'அன்று... இன்று...' என்று தொடங்கிய உடனே மிச்சக் கவிதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று குளித்தோம், இன்று லாரி நிற்கிறது. அன்று மீன், இன்று பிளாஸ்டிக். கடைசியில் 'விழித்தெழு மனிதா'. கண் நேராகக் கடைசி வரிக்குத் தாவும். அங்கே மனிதன் விழித்தெழுந்துகொண்டிருந்தால் தாள் முதல் அடுக்குக்குப் போய்விடும். உங்கள் கவிதையின் கடைசி வரியைப் பார்த்தேன். விழித்தெழுகிறான்.

இந்த விளிக்கும் பழக்கம் கவியரங்க மேடையிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேலை இருந்தது. எதிரே நூறு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், மைக் முன்னால் நின்று 'ஓ நதியே' என்று குரலை உயர்த்தினால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். தாளில் படிக்கிறவர் ஏற்கெனவே உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை எதற்குக் கூப்பிட வேண்டும்?

சரி, உங்கள் கவிதைக்கு வருகிறேன். அதை முழுவதும் படித்தேன், ஏனென்றால் எனக்கு ஒரே ஒரு தாள்தான் வந்தது. நடுவருக்கு அந்த வசதி இல்லை. இருபது வரியில் பதின்மூன்றாவது வரிக்கு வரும்போது இது இருந்தது:

பாலத்தில் பஸ் போகையில்
பாட்டி இன்னமும் காசு வீசுகிறாள்
மணலில் விழுகிறது

இதை எழுதியவர் எதற்காக மேலே பன்னிரண்டு வரி அனாதை, அன்னை, அமுதம் என்று அலைந்தார்? காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றுக்குக் காசு போட்டுக் கும்பிடுகிற பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தண்ணீர் போன பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை என்பதை நீங்கள் ஒருவர்தான் பார்த்திருக்கிறீர்கள். 'அன்று – இன்று' என்று நீங்கள் கத்திச் சொன்ன அத்தனையும் இந்த மூன்று வரியில் சத்தமில்லாமல் இருக்கிறது. நிறையப் பேருக்கு இப்படித்தான் நடக்கிறது. எழுத ஆரம்பித்ததும் தலைப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறோம். பேசிப் பேசிக் கை சூடான பிறகுதான் கண்ணால் பார்த்தது ஒன்று வந்து விழுகிறது. முதல் வரியைப் புதிதாக யோசிக்க உட்காராதீர்கள், எழுதி முடித்த தாளிலேயே கீழே தேடுங்கள். பெரும்பாலும் நடுவில், சில சமயம் முடிவுக்குச் சற்று முன்னால் கிடக்கும். ஆள், இடம், ஒரு செயல் மூன்றும் சேர்ந்து வருகிற வரி எது என்று பார்த்தால் போதும்.

ஆனால் அந்த மூன்று வரியை அப்படியே தூக்கி மேலே வைத்தால் வேறு சிக்கல். 'மணலில் விழுகிறது' என்று மூன்றாவது வரியிலேயே சொல்லிவிட்டால் கவிதை அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் வெறும் விளக்கம். அதனால் செயலை மேலே கொண்டுவாருங்கள், அதன் விளைவைக் கீழேயே விட்டுவையுங்கள். காசு கையை விட்டுப் போவதற்கு முந்தைய கணத்தில் தொடங்கலாம்:

பஸ் பாலத்தில் ஏறியதும்
சுருக்குப்பையைத் திறக்கிறாள் பாட்டி

'நதி' என்ற சொல்லே இதில் இல்லை. தேவையும் இல்லை, தலைப்பில் பெரிய எழுத்தில் அது நிற்கிறது. நதி என்று படித்துவிட்டு வருகிற நடுவருக்குப் பாலமும் பாட்டியும் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். அதற்காக அடுத்த வரிக்குப் போவார். முதல் வரியிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான்.

வரி முறிகிற இடத்தையும் கவனியுங்கள். 'சுருக்குப்பையைத் திறக்கிறாள் பாட்டி / பஸ் பாலத்தில் ஏறியதும்' என்று மாற்றிப் பாருங்கள். சொற்கள் அதேதான், இழுப்பு போய்விட்டது. வினை முதல் வரியிலேயே முடிந்துவிட்டதால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. 'ஏறியதும்' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்து என்ன என்று பார்க்காமல் இருக்க முடியாது. வினையைக் கடைசிவரை தள்ளிப்போடலாம் என்பது தமிழ் நமக்குத் தந்திருக்கிற சௌகரியம். போட்டிக் கவிதைகளில் அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

பழைய ஆட்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம் போன மகள் சமைக்கிறாள், கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்த செவிலி தாயிடம் சொல்கிறாள். நம் போட்டிக் கவிஞர் கையில் கிடைத்திருந்தால் 'என் மகளின் மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்!' என்று ஆரம்பித்திருப்பார். பாட்டு இப்படி ஆரம்பிக்கிறது: 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்'. முற்றிய தயிரைப் பிசைந்த விரல். அந்த விரலுக்கு என்ன என்று கேட்டால், அதைத் துடைத்த சேலையைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். அப்புறம் தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது, புளிக்குழம்பு வருகிறது, கணவன் 'இனிது' என்று உண்கிறான். 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று' என்பது ஆறாவது வரியில்தான், அதுவே கடைசி வரியும். ஆறு வரியும் ஒரே வாக்கியம். தயிர் பிசைந்த விரலில் தொடங்கிய வாக்கியம் அந்த மகிழ்ச்சியைத் தொட்டுத்தான் நிற்கிறது. செயல் மேலே, விளைவு கீழே.

அதிர்ச்சி வரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'வேகமாக' என்று நீங்கள் கேட்டதன் அடுத்த கட்டம் அதுதான். 'நேற்றிரவு நதி தூக்கில் தொங்கியது' மாதிரி. இது முதல் சுற்றில் ஒருவேளை தப்பிக்கும். படிக்கிறவர் ஒரு கணம் நிற்பார். ஆனால் இரண்டாவது வரியிலேயே நதிக்குக் கழுத்து எங்கே என்று கேட்கத் தோன்றும், அதற்குக் கவிதையில் பதில் இருக்காது. தப்பித்துத் தப்பித்து இறுதிச் சுற்றுக்கு வந்தாலும் அங்கே கதை வேறு. மிஞ்சிய பத்துப் பன்னிரண்டு கவிதைகளை நடுவர்கள் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள், ஒவ்வொன்றையும் பலமுறை படிப்பார்கள். மூன்றாவது தடவை படிக்கும்போது தூக்குக் கயிற்றில் அதிர்ச்சி மிச்சமிருக்காது. சுருக்குப்பை மூன்றாவது தடவையும் திறக்கும், சொல்லப்போனால் முடிவு தெரிந்த பிறகு படித்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

ஒட்டவைத்த முதல் வரியைக் கண்டுபிடிப்பது சுலபம். அதைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். கவிதைக்கு எந்தச் சேதமும் இல்லை என்றால் அந்த வரி வாசலில் கட்டிய தோரணம், வீட்டுக்குச் சம்பந்தமில்லாதது. உங்கள் 'ஓ நதியே'வை மறைத்துப் பார்த்தேன். கவிதை கொஞ்சம் நன்றாகவே ஆனது. சுருக்குப்பையை மறைத்தால் காசு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

திருத்தும்போது உங்களுக்கு இரண்டு ஆசைகள் வரும், இரண்டையும் அடக்குங்கள். 'வறண்ட பாலம்', 'ஏமாந்த பாட்டி' என்று அடைமொழி சேர்க்கத் தோன்றும். அதைச் செய்தால் ரகசியம் முதல் வரியிலேயே வெளியே வந்துவிடும். அடுத்தது, மேலே இருந்த பன்னிரண்டு வரியை வெட்டிய பிறகு எட்டு வரிதான் மிஞ்சுகிறதே, விதியில் இருபது வரி என்றிருக்கிறதே என்று பதறுவீர்கள். இருபது வரிக்கு மிகாமல் என்றுதான் விதி. எட்டு அதற்குள் அடக்கம். கடைசி வரியில் எழுந்துகொண்டிருக்கிற மனிதனையும் தூங்க விட்டுவிடுங்கள், ஏழாகும்.

இன்னொரு விஷயம். போட்டி அறிவிப்புகளில் 'இதுவரை வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்ற உறுதிமொழி கேட்பார்கள். உங்கள் கவிதையின் உயிரான வரிகளை நான் இங்கே அச்சிட்டுவிட்டேன். ஆகவே அடுத்த போட்டிக்கு வேறு கவிதை எழுதுங்கள். இந்த ஏழு வரியை எனக்கு அனுப்புங்கள். நன்றாக வந்திருந்தால் கவிதைப் பக்கத்தில் போடுகிறேன், சன்மானம் உண்டு.