வட்ஸ்அப்பில் வரும் தமிழ்ச் செய்திகளை அம்மாவால் சரியாக வாசிக்க முடியவில்லை. எழுத்தளவு, நிறம், பின்னணியை எப்படி மாற்றுவது?

வெள்ளவத்தையில் என் அம்மாவுக்கும் இதே சிரமம் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து சின்னம்மா, "அக்கா, நான் விட்டுவந்த குடையையும் கொண்டு வாருங்கள்" என்று அனுப்பியிருந்தார். அம்மா அதைக் கூடை என்று வாசித்துவிட்டு வீடு முழுவதும் கூடையைத் தேடியிருக்கிறார். 'கு'வுக்கும் 'கூ'வுக்கும் இடையில் இருப்பது ஒரு சிறு சுழிதான். கி, கீ என்பவையும் கெ, கே என்பவையும் அப்படித்தான். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் சிறியது. எழுத்து சிறுத்தால் இந்தக் குறிகள்தான் முதலில் கண்ணுக்குத் தப்புகின்றன. அதனால் நிறத்துக்கு முன் எழுத்தளவைக் கவனியுங்கள்.

அன்ட்ரொயிட் போன் என்றால் வட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Chats, அதற்குள் Font size சென்று Large என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் வட்ஸ்அப் போனின் பொது எழுத்தளவையே பின்பற்றும்; Display & Brightness பகுதியில் உள்ள Text Size-ஐக் கூட்ட வேண்டும். அன்ட்ரொயிட்டில் Large போதாவிட்டால் போனின் பொது எழுத்தளவையும் ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரேயடியாக உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'கொண்டுவரவேண்டியிருக்கிறது' போன்ற சொல் வரிக்குள் அடங்காமல் நடுவில் உடைந்தால் வாசிப்பு தடுமாறும். அம்மாவுக்கு அப்படி ஒரு செய்தி அனுப்பிச் சோதியுங்கள். சொல் உடைந்தால் ஒரு படி குறைத்துவிடுங்கள்.

பின்னணிக்கு Chats பகுதியில் Default chat theme இருக்கிறது. அம்மா பேரப்பிள்ளைகளின் படத்தை அங்கே வைத்திருந்தார். செய்திக் குமிழி படத்தை மறைத்துவிடும் என்பதால் எழுத்து நேரடியாகக் கெடாது. ஆனால் குமிழிகளுக்கு இடையே முகங்கள் எட்டிப் பார்க்கும்போது கண் அங்கேயே ஓடுகிறது. படத்தைப் போனின் முகப்புத் திரைக்கு மாற்றிக் கொடுத்தேன்; அம்மாவுக்கு அதுவே பிடித்துவிட்டது. வட்ஸ்அப்பில் ஒற்றை நிறம் போதும். வெளிச்சமான தோற்றத்தில் வந்த செய்தியின் குமிழி வெள்ளை என்பதால் பின்னணியும் வெள்ளையாக வேண்டாம், விளிம்பு தெரியாது. மங்கிய பச்சையோ சாம்பலோ நல்லது. காலி வீதியில் பகல் வெயிலில் பஸ்ஸுக்காக நின்று வாசிப்பவருக்குக் கறுப்புத் தோற்றத்தை வைக்காதீர்கள். திரையில் செய்தியை விட வெளியுலகின் பிரதிபலிப்பே அதிகம் தெரியும்.

குமிழி நிறத்தை மாற்றினால் நாம் அனுப்பும் செய்திகள்தான் நிறம் மாறும். வந்தவற்றை வாசிப்பது அதனால் எளிதாகாது. யார் சொன்னது என்பது பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். கறுப்பு எழுத்து தெளியும்படி வெளிர் நிறமாக இருக்கட்டும்.

உரையாடலைத் திறந்து, ஐபோனில் மேலே உள்ள பெயரையும் அன்ட்ரொயிட்டில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளையும் தொட்டால் வரும் Chat theme மூலம் ஒவ்வொருவருக்கும் தனி நிறம் வைக்கலாம். அது நம் போனில் மட்டுமே தெரியும். சின்னம்மாவுக்கு வெளிர் மஞ்சள், குடும்பக் குழுவுக்கு வெளிர் நீலம் என்று வைத்த பிறகு, சின்னம்மாவுக்கு எழுதியதை அம்மா குழுவில் போடுவது நின்றுவிட்டது.