‘இதை எடுத்தால் அதையும்’: பைனரி மாறிகளில் நிபந்தனை எழுதுவது — கேள்வி பதில்

சோலார் போட்டால் கூரையைப் பழுது பார்த்தே ஆகணும். b ≤ s என்று எழுதினேன், சரியா? (s சோலார், b கூரை)

திசை மாறிவிட்டது. s ≤ b என்று இருக்க வேண்டும். எடுத்தால் 1, விட்டால் 0 என்று வைத்து நான் எப்போதும் நான்கு சேர்க்கைகளையும் எழுதிப் பார்ப்பேன். சோலார் 1, கூரை 0 என்ற ஒன்று மட்டும்தான் அடிபட வேண்டும். உங்கள் வரி அதை அனுமதித்து, கூரையை மட்டும் பழுது பார்ப்பதைத் தடுக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பட்ஜெட் 50 லட்சம். சோலாருக்குச் செலவு 20, பயன் 30. கூரைக்குச் செலவு 15, பயன் 4. ஜெனரேட்டருக்குச் செலவு 25, பயன் 28. உங்கள் வரியை வைத்தால் சோலாரும் ஜெனரேட்டரும் தேர்வாகி 58 வரும். சரியான வரியில் மூன்றுக்கும் 60 ஆவதால் பணம் போதாது. சோலாரும் கூரையும்தான் மிஞ்சும், பயன் 34. தப்பான விடைதான் பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. விடையில் வந்த திட்டங்களை நிபந்தனையோடு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

5 கிளைகளில் அதிகபட்சம் 2 என்பது p1+p2+p3+p4+p5 ≤ 2, அது தெரியும். கிடங்கு (d) கட்டினால் மட்டும் இந்த வரம்பு என்றால் வலப்பக்கம் 2d போட்டால் போதும்தானே?

போதாது. கிடங்கு கட்டாதபோது வலப்பக்கம் 0 ஆகி ஒரு கிளைகூடத் திறக்க முடியாது. d = 0 என்றால் 5, d = 1 என்றால் 2 வர வேண்டும்; அதனால்:

```
p1 + p2 + p3 + p4 + p5 <= 5 - 3*d
```

அந்த 3, விட்டுக்கொடுக்கும் கிளைகளின் எண்ணிக்கை. இதே வரி, மூன்று கிளை திறந்தால் கிடங்கு கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறது. அதற்குத் தனி வரி வேண்டாம்.

மூன்று திட்டத்துக்கும் ஒரே நிலம் (y) வேண்டும். x1+x2+x3 ≤ 3y என்று ஒரே வரி. வரி குறைந்தால் வேகம்தானே?

முழு எண் விடைகளுக்கு உங்கள் வரி சரிதான். ஆனால் சால்வர் முதலில் பின்னங்களை அனுமதித்துத்தான் தீர்த்துப் பார்க்கும். அப்போது x1 = 1, y = 1/3 என்று நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கிவிடும். x1 ≤ y, x2 ≤ y, x3 ≤ y என்று பிரித்தால் அந்த வழி அடைபடும், வரம்பு இறுகும். ஆயிரக்கணக்கில் வரிகள் போகும்போது எது வேகம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டையும் ஓட்டிப் பார்ப்பேன்.

எனக்கு எக்ஸெலில் 0.5 திட்டம் வருது. பாதியைக் கட்டச் சொல்லுதா?

அப்படி இல்லை. சால்வரின் Options-இல் Ignore Integer Constraints டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அந்தச் செல்லுக்கு bin போட விட்டுப்போயிருக்கும்.